கம்ப்யூட்டரில் விலைப்பட்டியல் பூட்டிக்கொண்டால்...

காலை எட்டு மணி. கடை திறந்தாயிற்று. வாசலில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைய விலையை ஏற்றிவிடலாம் என்று கல்லாவிலுள்ள கம்ப்யூட்டரில் எக்செல் விலைப்பட்டியலைத் திறந்தால், பட்டியலுக்கு முன்னால் ஒரு சிறு பெட்டி வந்து நிற்கிறது. `RATE.xlsx is locked for editing by 'admin'` என்கிறது அது. அதாவது, இந்த பைலை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் பார்க்கலாம், திருத்த முடியாது என்று பொருள். கீழே `Read Only`, `Notify`, `Cancel` என்று மூன்று பொத்தான்கள். நம்மில் பலர் அவசரத்தில் முதல் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

நமது உறுப்பினர் ஒருவரின் மளிகை மொத்தக் கடையில் 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொல்கிறோம். கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, கணக்கறையில் ஒன்று என்று மூன்று கம்ப்யூட்டர்கள். விலைப்பட்டியல் இருப்பது கணக்கறைக் கம்ப்யூட்டரில். மற்ற இரண்டும் வயர் வழியாக அதையே திறந்து பார்க்கும். அன்று காலை கல்லாவில் இருந்த பையன் மேற்படி பெட்டியைப் பார்த்தான், `Read Only` கொடுத்தான், 38 சரக்குகளுக்குப் புது விலை போட்டான். சேமிக்கப் போனால் அதே பெயரில் சேமிக்க விடவில்லை, வேறு பெயர் கேட்டது. அவனும் `RATE1` என்று பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷம் முதல் கடையில் இரண்டு விலைப்பட்டியல்கள். கல்லாவில் புதியது, குடோனில் பழையது. துவரம்பருப்பு கிலோவுக்கு 4 ரூபாய் ஏறியிருந்தது. 50 கிலோ மூட்டைக்கு 200 ரூபாய். மதியத்துக்குள் குடோனிலிருந்து நேராக 12 மூட்டை பழைய விலைச் சிட்டையில் போய்விட்டது. ஒரே சரக்கில் 2,400 ரூபாய். சிட்டை கொடுத்துச் சரக்கை ஏற்றி அனுப்பிய பிறகு, சில்லறைக் கடைக்காரரைக் கூப்பிட்டு விலை ஏறிவிட்டது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

முதலாளி உடனே குடோனுக்குப் போன் போட்டார். "நேத்து ராத்திரியே மூடிட்டுத்தான் போனேன் அண்ணாச்சி" என்றார் குடோன்காரர். கணக்குப்பிள்ளையும் தாம் திறக்கவே இல்லை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னே பூட்டியது யார்?

இதைப் புரிந்துகொள்ள, குடோன் சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துப் போகிறவர் ஒரு நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுக்கிறார் அல்லவா? எக்செல் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பைலைத் திறக்கும்போது, அது இருக்கும் கம்ப்யூட்டரிடம் சொல்லி அதைத் தன் கைப்பிடியில் வைத்துக்கொள்கிறது. இது சாவி. கூடவே, அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பைலை உண்டாக்கி, திறந்தவர் பெயரை அதில் எழுதி வைக்கிறது. இது நோட்டு. நமது `RATE.xlsx`-க்கு அதன் பெயர் `~$RATE.xlsx`. முறையாக மூடினால் பிடியும் விடும், சிறு பைலும் மறையும். மூடும்போது ஏதாவது இடறினால் இரண்டில் ஒன்று தங்கிவிடும். தங்கியது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் சிறு பைலைப் பார்க்க, பட்டியல் இருக்கும் இடத்தைத் திறந்து, `View` என்பதில் `Hidden items` என்பதை இயக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் அது `View` உள்ளே `Show` என்பதன் கீழ் இருக்கிறது. இயக்கியதும் `~$` என்று தொடங்கும் பைல் மங்கலாகத் தெரியும். அதன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இன்று காலை என்றால் யாரோ இப்போது திறந்திருக்கலாம். நேற்றைய நேரம் என்றால் சந்தேகப்பட இடமுண்டு.

நமது உறுப்பினர் கடையில் நேற்று மாலை 6.50 என்று இருந்தது. யாரோ சொன்ன யோசனைப்படி கணக்குப்பிள்ளை அந்தச் சிறு பைலை அழிக்கப் பார்த்தார். விண்டோஸ் மறுத்துவிட்டது. பைல் வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது என்றது. அவர் எரிச்சலடைந்தார். ஆனால் அந்த மறுப்பே நல்ல தடயம். அழிக்க விடவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் எக்செல் இன்னும் உயிரோடு சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபேச்சில்லாமல் அழிந்தால் அது வெறும் நோட்டு எழுத்து, ஆள் போய்விட்டார்.

எந்தக் கம்ப்யூட்டர் என்று பெட்டியில் வந்த பெயரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்றிலும் `admin` என்றே பெயர். விற்றவர்கள் அப்படி வைத்துக் கொடுத்ததை யாரும் மாற்றவில்லை. பல கடைகளில் இதே கதைதான். சொந்தப் பெயரே நம்மைப் பூட்டியதாகக் காட்டும்போது பேய் வேலை என்று கூடச் சிலர் நினைப்பதுண்டு. எக்செல்லில் `File`, பிறகு `Options`, அதில் `General` என்று போனால் `User name` என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கல்லாவுக்கு `COUNTER`, குடோனுக்கு `GODOWN` என்று எழுதுங்கள். பக்கத்தில் `Always use these values regardless of sign in to Office` என்ற கட்டம் இருந்தால் அதையும் டிக் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெயர் உதவாததால் கணக்கறைக் கம்ப்யூட்டரையே கேட்க வேண்டியதாயிற்று. பைல் இருக்கும் கம்ப்யூட்டரில், `Command Prompt` என்பதை வலது கிளிக் செய்து `Run as administrator` என்று திறந்து, இப்படி அடித்தார்கள்:

```
net file
```

வயர் வழியாக யார் யார் எந்தெந்த பைலைத் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும், எந்தப் பெயரில் திறக்கப்பட்டது என்பதும் இருக்கும். `RATE.xlsx` அதில் இருந்தது, குடோன் கம்ப்யூட்டர் நுழையும் பெயரில். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே கணக்கறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவர் திறந்திருந்தால் அது இந்தப் பட்டியலில் வராது. அதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடோனுக்கு ஆள் போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. குடோன்காரர் எக்செல்லை மூடியது உண்மை. ஆனால் அந்த நேரம் பிரிண்டர் மக்கர் செய்துகொண்டிருந்திருக்கிறது. திரையிலிருந்து ஜன்னல் மறைந்ததே தவிர, புரோகிராம் உள்ளே சிக்கி நின்றுவிட்டது. அவர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. `Ctrl+Shift+Esc` அழுத்தி `Task Manager` திறந்து, `Details` பகுதியில் பார்த்தால், திரையில் எக்செல்லே இல்லாதபோதும் `EXCEL.EXE` என்று ஒரு வரி இருந்தது. அதைத் தேர்ந்து `End task` கொடுத்ததும் கல்லாவில் பைல் ஒழுங்காகத் திறந்தது. சிறு பைலும் தானே காணாமற் போயிற்று.

குடோனுக்குப் போக முடியாத நிலை என்றால் கணக்கறையிலிருந்தே பிடியை விடுவிக்கலாம். `net file` காட்டும் எண்ணைப் போட்டு,

```
net file 134 /close
```

என்று அடித்தால் போதும். 134 என்பது உதாரணத்துக்கு. ஆனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அங்கே ஒருவர் உண்மையிலேயே இருப்பு எழுதிக்கொண்டிருந்தால், சேமிக்காத வரிகள் போய்விடலாம். குடோன்காரர் ஒன்றும் பாக்கி இல்லை என்று வாயால் சொன்ன பிறகே அடிக்க வேண்டும்.

மின்வெட்டு வேறு வகை. குடோன் கம்ப்யூட்டர் மின்சாரம் போய்ப் பட்டென்று நின்றால், கணக்கறைக் கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி உடனே போவதில்லை. கொஞ்ச நேரம் அவர் இன்னும் திறந்திருக்கிறார் என்றே அது நம்பும். கால் மணி அல்லது அரை மணி பொறுத்தால் பெரும்பாலும் தானே விடுபடும். யு.பி.எஸ். இல்லாமல் கணக்கறைக் கம்ப்யூட்டரே நின்றிருந்தால், பிடிகள் எல்லாம் அப்போதே போய்விடும், `~$` பைல் மட்டும் அனாதையாகக் கிடக்கலாம். எல்லாரும் எக்செல்லை மூடிய பிறகு அதை அழித்துவிடலாம். அழிக்கும்போது `~$` இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பக்கத்திலேயே உண்மையான பட்டியல் இருக்கிறது. வயர் வழியாக அழிக்கிறது பொதுவாகக் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது.

பெட்டி எதுவும் வராமல், மேலே பெயருக்குப் பக்கத்தில் மட்டும் `Read-Only` என்று வந்தால் அது பெரும்பாலும் வேறு நோய். பைலின் `Properties`-இல் `Read-only` டிக் ஆகியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் எழுத உங்களுக்கு அனுமதி கொடுக்கப்படாமல் இருக்கலாம். அங்கே பூட்டைத் தேடிப் பயனில்லை.

எக்செல் இல்லாமல் லிப்ரே ஆபீஸ் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு: அங்கே சிறு பைலின் பெயர் `.~lock.RATE.xlsx#`. அதை நோட்பேடில் திறந்தால் யார், எந்தக் கம்ப்யூட்டர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதியே இருக்கும். இந்த விஷயத்தில் எக்செல்லைவிட அது ஒரு படி மேல் என்பது நம் அபிப்பிராயம்.

இனி அந்த `RATE1`. அதை அப்படியே பழைய பைலின் மேல் ஏற்றிவிடலாம் என்றார் கணக்குப்பிள்ளை. நல்ல வேளை, முதலாளி தடுத்தார். முதல் நாள் மாலை குடோன்காரர் திறந்து வைத்திருந்தபோது பருப்பு வகையில் இரண்டு புதுச் சரக்குகள் சேர்த்துச் சேமித்திருந்தார். கல்லாப் பையன் திறந்த நகலில் அவை இருந்தனவா என்று யாருக்கும் நிச்சயமில்லை. எனவே இரண்டையும் அருகருகே திறந்து, மாறிய 38 விலைகளை மட்டும் ஒவ்வொன்றாக `RATE.xlsx`-இல் போட்டுச் சேமித்தார்கள். ஒருவர் படிக்க, ஒருவர் அடிக்க, முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு `RATE1`-ஐ அழித்தார்கள். இப்போது அந்தக் கடையில் பெட்டி வந்தால் `Cancel` கொடுத்துவிட்டு, அதில் உள்ள பெயரைப் பார்த்து அந்த இடத்துக்குப் போன் போடுகிறார்கள்.