கல்லாற்றில் திரும்பிய பேருந்து

மேட்டுப்பாளையத்தில் ராத்திரி லாட்ஜ் தேடி வருகிறவர்கள் பலரும் அங்கே தங்க வந்தவர்கள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கல்லாற்றிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மலையேறக் கிளம்பியவர்கள் பேருந்து நிலையத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். அப்படி ஓர் இரவை, லாட்ஜின் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னாலிருந்து கதையாகச் சொல்கிறேன். ஆட்கள் கற்பனை. வேலை மட்டும் அங்கே நடக்கிற வேலைதான்.

மணி பதினொன்றே முக்கால். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா நனைந்த பையோடு உள்ளே வருகிறார். விழுப்புரத்திலிருந்து வந்தவர், குன்னூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகிறார். செல்போன் மழையில் நனைந்து அணைந்துவிட்டது. ஆதார் அட்டை வீட்டில் இருக்கிறது. அதைக் காரணம் சொல்லி இரண்டு லாட்ஜுகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன.

அந்த லாட்ஜ்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடையாளச் சான்று இல்லாமல் அறை கொடுத்து, பின்னால் ஏதாவது நடந்தால், போலீஸ் முதலில் கேள்வி கேட்பது ராத்திரி மேசையில் இருந்தவரைத்தான். அதனால் ‘இல்லை’ என்பது அவருக்கு எளிது. உதவ நினைக்கிறவர்தான் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

“முதல்ல உட்காருங்கம்மா. பஸ் டிக்கெட் கையில இருக்குங்களா?”

முந்தானை முடிச்சிலிருந்து ஈரச் சீட்டு வந்தது. டிக்கெட் மெஷினில் அடித்த சீட்டு. தேதி, நேரம், மேட்டுப்பாளையம், குன்னூர் எல்லாம் அதில் இருந்தன. கல்லாற்றில் திரும்பிய கதை உண்மை என்பதற்கு அது போதும். ஆனால் ஆள் யார் என்பதற்குப் போதாது.

“பொண்ணோட நம்பர் மனப்பாடமா தெரியுங்களா?”

“அது ஒண்ணுதான் தம்பி தெரியும்.”

மேசை போனிலிருந்து அழைத்தார். அம்மாவைப் பேசவிடுவதற்கு முன், மகளிடம் அம்மாவின் பெயரையும் ஊரையும் தனியாகக் கேட்டுக்கொண்டார். சொன்னது பொருந்தியது. ஐந்து நிமிடத்தில் அம்மாவின் ஆதார் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறந்த வருஷத்தை வாயால் சொல்லச் சொன்னார். பிறகுதான் பதிவேட்டைத் திறந்தார். எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நேரம், மகளின் எண், கையெழுத்து. ‘அசல் அட்டை பார்க்கவில்லை, மகள் அனுப்பிய நகல்’ என்று ஓரத்தில் குறித்தார். காலையில் முதலாளி கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் அவரைக் காக்கப்போவது அந்தக் குறிப்புதான்.

அறை கொடுப்பதிலும் யோசனை உண்டு. தரைத்தளத்துக் கோடி அறை வாடகை குறைவு, ஆனால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. தனியாக வந்த பெண்ணுக்கு அதைக் கொடுக்கவில்லை. முதல் மாடியில், மாடிப்படியை ஒட்டி, பக்கத்து அறையில் ஒரு குடும்பம் தங்கியிருந்த அறையைக் கொடுத்தார். தாழ்ப்பாளை அந்த அம்மாவையே போட்டுப் பார்க்கச் சொன்னார். அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. வரவேற்பறையில் டிவி பார்த்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள்.

அட்வான்ஸ் பணத்தை மகள் போனிலேயே அனுப்பினாள். வாடகைக் கணக்கையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார். சில லாட்ஜுகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் எப்போது வந்தாலும் மறுநாள் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இது பகல் 12 மணி லாட்ஜ். ராத்திரி வந்து நிற்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், காலையில் சண்டை வரும்.

“காலையில மலை ரயில் இருக்குமே தம்பி?”

“ஏழு பத்துக்குங்கம்மா. ஆனா ரோடு சரிஞ்ச மழைக்குத் தண்டவாளமும் தாங்காது. அதை நம்ப வேண்டாங்க. கோத்தகிரி ரோடு இருக்கு. அது திறந்திருந்தா அந்த வழியா குன்னூர் போயிரலாம். அஞ்சு மணிக்கு விசாரிச்சிட்டு எழுப்பறேன்.”

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு இரண்டு சாலைகள்: ஒன்று பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு, மற்றது கோத்தகிரிக்கு. இரண்டும் சேர்ந்து அடைபடுவதும் உண்டு என்பதால் அவர் உறுதி சொல்லவில்லை. பேருந்து எப்போது கிளம்பும் என்று விடியற்காலையில் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் ஓட்டுநர்கள். ஐந்து மணிக்கு ரூம் பாயைப் பேருந்து நிலைய டீக்கடைக்கு அனுப்பினார். குன்னூர் சாலையில் மண் அள்ளும் இயந்திரம் இன்னும் வேலை செய்கிறது, கோத்தகிரி வண்டிகள் ஓடுகின்றன என்று தகவல் வந்தது.

அந்த அம்மாவை எழுப்பி, கோத்தகிரியில் இறங்கிக் குன்னூர் பேருந்து மாற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். செல்போன் இன்னும் உயிர் பெறவில்லை. அதனால் மகளுக்கு அவரே அழைத்தார்: “அம்மா கோத்தகிரி சுத்தித்தான் வர்றாங்க, நேரமாகும். கையில போன் இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நில்லுங்க.”