உங்கள் முகத்துக்கு ஓர் எண் வரிசை

கூகுள் போட்டோஸில் கல்யாணப் படங்களை ஏற்றினால், சற்று நேரத்தில் அத்தையின் படங்கள் தனியாகவும் சித்தப்பாவின் படங்கள் தனியாகவும் வந்து நிற்கும். ‘இவர் யார்?’ என்று செயலி கேட்கும்.

முதலில் அது படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடும். பிறகு அந்த முகத்தின் சாயலை நீண்ட எண் வரிசையாக மாற்றும். இரண்டு வரிசைகள் நெருக்கமாக இருந்தால் ஒரே ஆள் என்று கணித்து, ஒரே தொகுப்பில் சேர்க்கும். பெயர் அதற்குத் தெரியாது. அதைத் தருவது நாம்தான்.

கணிப்பு என்பதால் தவறும். அக்கா, தங்கை ஒரே தொகுப்பில் கலந்துவிடுவார்கள். பக்கவாட்டில் திரும்பிய முகம் தனி ஆளாகப் பிரிந்து நிற்கும்.

இது வேண்டாம் என்றால், photos.google.com/settings பக்கத்தில் Group similar faces பகுதியை விரித்து, Face grouping பொத்தானை அணைத்துவிடுங்கள். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தொகுப்புகள், அந்த எண் வரிசைகள், நீங்கள் சூட்டிய பெயர்கள் எல்லாம் அழிந்துவிடும். ஒருவரை மட்டும் கண்ணில் படாமல் வைக்க, அவர் முகத்தை மறைத்தாலே போதும்.

இந்த அணைப்பு உங்கள் கணக்குக்கு மட்டுமே. அதே கல்யாணப் படம் உறவினரின் கணக்கிலும் இருந்தால், அங்கே உங்கள் முகம் தொகுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். அதை நிறுத்த அவரிடம்தான் சொல்ல வேண்டும்; குழந்தைகளின் படங்கள் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஃபேஸ்புக், டேக் பரிந்துரைக்குப் பயன்பட்ட முக அடையாள வசதியை நிறுத்துவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முகப் பதிவுகளை அழிப்பதாகவும் சொன்னது.