நீல டிக்குக்கும் பதிலுக்கும் இடையில்

வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் செய்தி அனுப்பப்பட்டதையும், இரண்டு சாம்பல் டிக்குகள் அது பெறுபவரின் கைபேசியைச் சென்றடைந்ததையும் காட்டுகின்றன. 2014 நவம்பரில் வந்த நீல டிக், அந்த உரையாடல் அவரது திரையில் திறக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. 'புளூ டிக் விழுந்துடுச்சு, ரிப்ளைதான் வரல' என்ற வகை வரிகளை வடிவேலுவின் முகபாவத்தோடு இணைத்துப் பகிரப்படும் மீம்கள் எல்லாம், பார்த்ததற்கும் பதில் சொல்வதற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தையே பேசுகின்றன. செய்தி சேராதவரை காத்திருப்பவர் சிக்னலைக் குறை சொல்லலாம்; நீலம் விழுந்ததும் அந்த ஆறுதல் போய்விடுவதால், தாமதம் முழுவதும் தன் மீதான மதிப்பின் அளவாக அவருக்குத் தோன்றத் தொடங்குகிறது.

ஷிப்டு முறையில் இயங்கும் சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த இடைவெளி எளிதில் நீண்டுவிடும். எடுத்துக்காட்டாக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு பார்க்கும் ஓர் இளைஞர், தேநீர் இடைவேளையில் காதலியின் நீண்ட செய்தியைத் திறந்து படித்துவிட்டு, நிதானமாக எழுத வேண்டும் என்று எண்ணிக் கைபேசியை மீண்டும் லாக்கரில் வைக்கிறார் என்று கொள்வோம். ஆவடியில் இருக்கும் காதலி 'மெசேஜ் இன்ஃபோ' பகுதியைத் திறந்தால், செய்தி மாலை 6:10க்குச் சேர்ந்ததும் 6:40க்குப் படிக்கப்பட்டதும் நிமிடக் கணக்கில் தெரியும். எந்திரத்தின் முன் நிற்பவரின் நிலை அதில் தெரியாது. அக்கறையால் தள்ளிப்போடப்பட்ட பதில், அலட்சியத்தால் தள்ளிப்போடப்பட்டதைப் போலவே காட்சியளிக்கிறது என்பதுதான் இதில் உள்ள உண்மையான கொடுமை. அறிவிப்புப் பட்டையிலேயே படித்துவிடுபவருக்கு நீலம் விழுவதில்லை என்பதால், ஒளிக்காமல் திறந்து படித்தவரே குற்றவாளியாகிறார்.

மறுமுனையிலும் பதற்றம் உண்டு. அலுவலக நேரத்துக்குப் பின் வரும் அவசரமற்ற மின்னஞ்சல்களை ஆராய்ந்த லாரா ஜியுர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பதில் வேண்டியிருப்பதாகப் பெறுபவர்கள் கருதுவதை 2021இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். காதலர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அனுப்பியவரின் மனநிலையைப் பெறுபவரும் ஊகித்தே அறிகிறார் என்பதை அது உணர்த்துகிறது. 'அவன் இரண்டு மணி நேரம் எடுத்தான், நான் மூன்று எடுப்பேன்' என்ற நகைச்சுவையில் அந்த ஊகம் பழிக்குப் பழியாக வளர்ந்து, இருவரையும் ஒரே திரையின் முன் சும்மா உட்கார வைக்கிறது.

அமைப்புகளில் படித்ததற்கான குறியை அணைத்துவிடலாம். ஆனால் அணைப்பவருக்கு மற்றவர்களின் நீலமும் தெரியாது, குழு உரையாடல்களில் இந்த அணைப்பு செல்லாது. குறியை மறைத்தாலும் காரணம் தெரியாத காத்திருப்பு அப்படியேதான் இருக்கும். லாக்கரை மூடுவதற்கு முன் 'பார்த்துட்டேன், ஷிப்டு முடிஞ்சதும் சொல்றேன்' என்று அந்த இளைஞர் தட்டும் ஒரு வரியோ, நேரக்குறிப்பு தராத காரணத்தை ஆவடிக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது.