நாய் எந்த மொழியில் குரைக்கும்?

"தம்பி, நீ ஒடிசாதானே? எங்கே, உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடு, கேட்கலாம்." திருப்பூர் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பாசத்தோடுதான் இப்படிக் கேட்கிறார்கள். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகார், வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் அதுவரை மற்றவர்களைப் போல ஒரு மாணவன். கேள்வி வந்த நொடியில் ஒரு மாநிலத்துக்கே பிரதிநிதி ஆகிவிடுகிறான். அவனுக்கு ஒடியாப் பாட்டே தெரியாமல் இருக்கலாம். பிறந்ததிலிருந்து திருப்பூரிலேயே வளர்ந்தவனாகக்கூட இருக்கலாம்.

வேற்று ஊரையும் மொழியையும் திருவிழா வேடிக்கை போலக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் இந்த முறையை அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989-இல் வெளியிட்ட தம் நூலில் 'சுற்றுலாப் பாடத்திட்டம்' என்று கண்டித்தார். வகுப்பில் உள்ள வேறுபாடுகளைப் பேசாமல் விடுவதும் தீர்வில்லை. பிள்ளைகள் அவற்றை ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசுவதற்கான வழியை விளையாட்டுக்குள் எப்படி அமைப்பது என்பதில்தான் ஆசிரியரின் கைவண்ணம் இருக்கிறது. வேறுபாடு சீட்டில் இருக்க வேண்டும். சீட்டு யார் கைக்கும் போகலாம் என்றிருக்க வேண்டும்.

மொழியில் தொடங்குவது எளிது. தமிழில் நாய் 'லொள் லொள்' என்கிறது. இந்தியில் 'பௌ பௌ', வங்காளியில் 'கேயு கேயு'. மூன்றையும் ஆசிரியரே முதலில் குரைத்துக் காட்டுகிறார். வகுப்பு முழுக்கச் சேர்ந்து குரைக்கிறது. அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு, எழுதி மடித்த சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, தன் சீட்டில் உள்ளபடி குரைத்துக்கொண்டே தன் கூட்டத்தைத் தேடிச் சேர வேண்டும். வங்காளிச் சிறுமிக்கு 'லொள் லொள்' வந்திருக்கலாம். உள்ளூர்ப் பையன் 'கேயு கேயு' என்று கத்திக்கொண்டு நடக்கலாம். அந்தச் சிறுமி விரும்பினால், "எங்க வீட்ல இப்படித்தான் சொல்வோம்" என்று தானே சொல்வாள். விரும்பாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

இதற்கு அடுத்த படி, 'காற்று வீசுது' என்ற வட்ட விளையாட்டு. 28 பேர் உள்ள நான்காம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தரையில் சாக்பீஸால் 27 வட்டங்கள். இடம் கிடைக்காத ஒருவர் நடுவில் நின்று, "காற்று வீசுது, காற்று வீசுது" என்கிறார். "யார் மேல வீசுது?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நடுவில் நிற்பவர் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படிக்கிறார்: "காலையில பாட்டி எழுப்பிவிடுறவங்க மேல!" அப்படிப்பட்டவர்கள் இடம் மாற வேண்டும். ஓடிப் பிடிக்க முடியாதவர் அடுத்து நடுவில் நிற்பார்.

இந்த விளையாட்டு கெட்டுப்போவதும் சீட்டில்தான். "வீட்டில் ஒடியா பேசுறவங்க" என்று எழுதினால் ஒரே ஒரு பிள்ளை 27 பேர் பார்க்க எழுந்து ஓட வேண்டியிருக்கும். அதனால் ஒரு வாரம் முன்பே பெயர் எழுதாத தாள் ஒன்றைக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களுக்கு எதிரே ஆம் என்றால் மட்டும் புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். ஐந்து புள்ளிகளுக்குக் குறைவாக வந்த வாக்கியம் பெட்டிக்குள் போகக் கூடாது. அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அகலப்படுத்தினால் போதும். 'வீட்டில் ஒடியா' என்பதை 'வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி' என்று மாற்றினால் பலர் எழுவார்கள். கொங்குப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. உருது பேசும் வீடுகளும் உண்டு. 'நம்ம பசங்க' என்று ஆசிரியர் நினைத்திருந்த பலரும் வந்த பிள்ளைகளோடு சேர்ந்து இடம் மாறும்போது, 'நாம், அவர்கள்' என்ற கோடே இடம் மாறிவிடுகிறது.

குடும்பச் சீட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். குடும்ப மரம் வரையச் சொல்வது, அப்பா அம்மா படம் கொண்டுவரச் சொல்வது இரண்டுமே அப்பா இல்லாத பிள்ளைக்கும், பாட்டி வீட்டிலோ விடுதியிலோ வளரும் பிள்ளைக்கும் வலி தருபவை. உறவைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும். தலை வாரிவிடுவது யார், கதை சொல்வது யார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவது யார்? இந்தக் கேள்விகளுக்கு அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை, விடுதிக் காப்பாளர் என்று யாரையும் சொல்லலாம்.

சாப்பாட்டில் 'நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?' என்ற கேள்வியே வேண்டாம். சிலர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சிலர் சாப்பிட்ட இறைச்சியைச் சொன்னால் மற்றவர் முகம் சுளிப்பார்கள். சாதியும் மதமும் அந்த வழியாகத்தான் வகுப்புக்குள் நுழையும். தட்டை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பன்னிரண்டு அட்டைகளில் பன்னிரண்டு பண்டங்களின் படமும் பெயரும். பழைய சோறு, ஒடிசாவின் பகாளா, வங்கத்தின் பாந்தா பாத். வெண்பொங்கல், பீகாரின் கிச்சடி, வங்கத்தின் கிச்சுரி. கொழுக்கட்டை, ஒடிசாவின் மண்டா பிட்டா, மராட்டிய மோதக். கடைசியாகப் பொரி, ஒடியாவில் முடி, வங்காளியில் முரி. எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, மாநிலவாரியாக இல்லாமல் செய்முறைவாரியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்: சோற்றில் நீரூற்றி வைப்பது, பருப்போடு வேகவைப்பது, பூரணம் வைத்து அவிப்பது, பொரிப்பது. நம்மூர் ரவை கிச்சடியை நினைத்துக்கொண்டு கிச்சடி அட்டையை ஓரமாக வைக்கும் பிள்ளைகள், படத்தில் அரிசியும் பருப்பும் இருப்பதைக் கண்டு அதைப் பொங்கலோடு சேர்ப்பார்கள். நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாட்களில் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் சங்கராந்தி வருகிறது. அங்கே அந்தப் பண்டிகைக்கே பலர் கிச்சடி என்றுதான் பெயர் சொல்கிறார்கள். உணவின் பெயரே பண்டிகைக்கும் பெயராவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆசிரியர் இதைச் சொல்லும்போது, அந்தப் பக்கத்துப் பிள்ளையை நோக்கிக் கையை மட்டும் நீட்டாமல் இருக்க வேண்டும்.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் மோதிக்கொண்டிருந்தபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தையே துண்டுகளாக்கினார். குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு. அடுத்தவர் சொல்வதைக் கேட்காமல் பாடம் முழுமையாகாது. ஆங்கிலம் திக்கிய சிறுவனைக் கேலி செய்தவர்கள், அவனிடம் உள்ள பகுதி இல்லாமல் தேர்வு எழுத முடியாது என்றானதும், அவனைப் பேசவைக்கக் கேள்வி கேட்கப் பழகினார்கள். அட்டை விளையாட்டிலும் இதைச் செய்யலாம். நால்வர் குழுவில் ஆளுக்கு மூன்று அட்டை. தன் அட்டையை அடுத்தவருக்குக் காட்டாமல் வாயால் விளக்கித்தான் சேர்க்க வேண்டும்.

விளையாட்டு சரியாகப் போகிறதா என்பதை இரண்டு இடங்களில் பார்க்கலாம். காற்று வீசும்போது ஒரு பிள்ளை எழுவதற்கு முன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால், அந்தச் சீட்டு குறுகலானது, எடுத்துவிட வேண்டும். மைதானத்தில் யாராவது ஒரு பிள்ளையைப் பார்த்து மட்டும் 'கேயு கேயு' என்று கத்தினால், விளையாட்டு கேலியாகிவிட்டது என்று பொருள். கேலி செய்தவரைத் தனியாக அழைத்துக் கண்டிக்க வேண்டும், கேலிக்குள்ளான பிள்ளையைப் பற்றி வகுப்பில் பேசக் கூடாது. நாய்ச் சீட்டுகளையும் சில வாரம் ஒதுக்கிவிட்டுச் சேவல், பூனை என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆண்டு விழாவுக்கு 'மாநில உடை' அணிவகுப்புத் திட்டமிடும் ஆசிரியர்கள், மேடையில் வங்காளிப் புடவைக்கு வங்காளிப் பிள்ளையைத் தேடாதீர்கள். அங்கேயும் சீட்டுக் குலுக்குங்கள்.