டாலர் ஏறினால் வரும் 42 லட்சம் லாபமா?

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் 10 லட்சம் டாலர் முதலீட்டில் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு டாலர் 80 ரூபாய். போட்ட பணம் 8 கோடி. ஓராண்டில் துணை நிறுவனம் 1 லட்சம் டாலர் லாபம் ஈட்டுகிறது. மார்ச் 31 அன்று டாலர் 84 ரூபாய்; ஆண்டின் சராசரி 82.

இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்து ஒரே அறிக்கையாக வெளியிட, டாலர் கணக்கை ரூபாய்க்கு மாற்ற வேண்டும். இதற்கான விதி இன்ட் ஏஎஸ் 21. சொத்து, கடன் எல்லாவற்றுக்கும் ஆண்டின் கடைசி நாள் விலை. வரவு செலவுக்கு அவை நடந்த நாளின் விலை. டாலர் பெரிதாக ஏறி இறங்காத ஆண்டில் சராசரி விலை போதும். முதலீடு மட்டும் போட்ட நாளின் விலையிலேயே நிற்கும்.

கடன் போக மிஞ்சும் சொத்து 11 லட்சம் டாலர். 84 ரூபாய் வீதம் அது 9 கோடியே 24 லட்சம். மறுபக்கம் முதலீடு 8 கோடி, லாபம் 82 லட்சம். மொத்தம் 8 கோடியே 82 லட்சம். இரண்டுக்கும் நடுவே 42 லட்சம் இடிக்கிறது.

இது கணக்குப் பிழையல்ல. முதலீட்டின் 10 லட்சம் டாலர் ஒவ்வொன்றும் 4 ரூபாய் ஏறியதில் 40 லட்சம். லாபமான 1 லட்சம் டாலர், சராசரியைவிட 2 ரூபாய் ஏறியதில் 2 லட்சம். இப்படிப் பிரித்துப் பார்த்துத் தொகை சரியாக வரவில்லை என்றால், எங்கோ தவறான விலையைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த 42 லட்சம் லாப நட்டக் கணக்கில் சேராது. துணை நிறுவனத்தை யாரும் விற்கவில்லை, கையில் பணமும் வரவில்லை. அடுத்த ஆண்டே டாலர் இறங்கினால் இது கரைந்துவிடும். அதனால் நிகர லாபத்துக்குக் கீழே, இதர விரிவான வருமானம் என்ற தனிப் பகுதியில் காட்டி, பங்கு மூலதனத்தின் பக்கம் நாணய மாற்றுக் கையிருப்பு என்ற தலைப்பில் சேர்த்துவைக்கிறார்கள். டாலர் இறங்கி நட்டம் வந்தாலும் இதே இடம்தான்.

ஆனால் கோவை நிறுவனம் துணை நிறுவனத்துக்கு 50,000 டாலருக்குப் பம்புகளைக் கடனுக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு. டாலர் 82 ஆக இருந்தபோது எழுதிய பாக்கி, ஆண்டு முடிவில் 1 லட்சம் ரூபாய் கூடியிருக்கும். வசூலாக வேண்டிய பணம் என்பதால் அது நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். கணக்குகளைச் சேர்க்கும்போது வரவேண்டிய பாக்கியும் தரவேண்டிய பாக்கியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அந்த 1 லட்சம் மட்டும் அப்படியே நிற்கும்.

சேர்த்துவைத்த கையிருப்பு, துணை நிறுவனத்தை விற்கும் ஆண்டில் லாப நட்டக் கணக்குக்கு மாறுகிறது. ஆகவே வெளிநாட்டுக் கிளையை விற்ற ஆண்டில் ஒரு நிறுவனத்தின் லாபம் திடீரென எகிறினால், இந்தக் கையிருப்பிலிருந்து எவ்வளவு வந்தது என்று பங்குதாரர் ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டும். அந்தத் தொகை பல ஆண்டுகளில் நாணய விலை ஏறியதால் சேர்ந்தது. அந்த ஆண்டின் வியாபாரம் தந்தது அல்ல.