படம் கணினி வரையட்டும், எழுத்தை நாம் தட்டுவோம்

செயற்கை நுண்ணறிவிடம் அழைப்பிதழ் ஓவியம் கேட்கும்போது, வாழைமரமும் குத்துவிளக்கும் ஓரங்களில் இருக்கட்டும், நடுவில் வெற்றிடம் வேண்டும், எழுத்தே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வரையும் தமிழில் மணமகள் பெயரே சிதைந்துபோகலாம். அந்த ஆபத்து நமக்கு வேண்டாம். 5க்கு 7 அங்குல அட்டை என்றால் படம் 1500க்கு 2100 பிக்சலாவது இருந்தால்தான் அச்சில் தெளிவாக விழும்.

அதன்மேல் யூனிகோட் எழுத்துருவில் வாசகத்தைத் தட்டுங்கள். ‘பெரியோர்கள்’ என்பதில் கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ, மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை என்று அர்த்தம். அச்சகத்துக்கு, எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் குலையாது. மாற்றாத பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். முகூர்த்த நேரத்தைத் திருத்த வேண்டிவந்தால் அதில்தான் முடியும்.