கோட்டுக்கு வெளியே ஓர் அடி

பிக்கிள்பால் ஆடுகளத்தில் நெட்டின் இருபுறமும் 7 அடி வரை உள்ள பகுதியை ‘கிச்சன்’ என்பார்கள். அதற்குள் நின்றபடி, பந்து தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. அதாவது வாலி கூடாது. நெட்டருகே நின்று ஓங்கி அடித்தே ஆட்டத்தை முடித்துவிடாமல் இருக்கத்தான் இந்த விதி.

ஆனால் கிச்சன் என்பது தரையில் போட்ட கோலம் மாதிரி. அதற்கு உயரம் கிடையாது. பக்கக் கோட்டோடு முடிந்தும் விடுகிறது. அதன் மேலே உள்ள காற்றும், கோட்டுக்கு வெளியே உள்ள தரையும் யாருக்கும் தடையில்லை. இந்த இடைவெளியில் பிறந்தவைதான் இரண்டு அதிசய அடிகள்.

முதலாவது எர்னி. எர்னி பெர்ரி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வந்தது. எதிராளி பக்கக் கோட்டை ஒட்டி மெதுவாகப் பந்தைத் தட்டப்போகிறார் என்று தெரிந்ததும், கிச்சனுக்குப் பின்னால் நிற்பவர் அதன் மூலையைத் தாண்டிக் குதித்து, நெட்டை ஒட்டிய வெளிப்புறத்தில் வாலி அடிக்கிறார். பந்து நெட்டைக் கடந்து வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அடித்தபின் மட்டை நெட்டுக்கு மேலாக அந்தப் பக்கம் போனால் குற்றமில்லை, நெட்டைத் தொடாதவரை. கிச்சனுக்குள் கால் வைத்து ஓடியும் வெளியே போகலாம். அப்போது இரண்டு காலும் வெளியே தரையில் பட்ட பிறகே வாலி அடிக்கலாம். உள்ளே காலூன்றி எம்பி, அந்தரத்தில் அடித்தால் தவறு. அடித்த வேகத்தில் தடுமாறிக் கிச்சன் கோட்டை மிதித்தாலும் தவறு. கோடும் கிச்சனைச் சேர்ந்ததே. எனவே எர்னி சரியா தவறா என்று அறிய, பந்தை விட்டுவிட்டுக் கால்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கம்பத்தைச் சுற்றி அடிப்பது. ஆட்டக்காரர்கள் சுருக்கமாக ‘ஏடிபி’ என்பார்கள். நெட் கம்பம் பக்கக் கோட்டிலிருந்து ஓர் அடி வெளியே நிற்கிறது. எதிராளி குறுக்காகத் தட்டிய பந்து கிச்சனில் பட்டு, கம்பத்தையும் தாண்டி வெளியே விலகுகிறது. பந்து தரையில் பட்டுவிட்டதால் கிச்சன் விதி இங்கே பொருந்தாது. பந்து நெட்டுக்கு மேலே போக வேண்டிய கட்டாயமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே தாழ்ந்தபடியே கம்பத்துக்கு வெளியே போய், எதிர்ப்பக்கக் களத்தில் விழுந்தால் போதும். கம்பத்தில் பட்டால் மட்டும் தவறு.

கணக்கு எளிது. நெட்டுக்கு 6 அடி பின்னால், கோட்டுக்கு 2 அடி வெளியே பந்தை அடிக்கிறோம் என்று வைப்போம். கம்பத்தை உரசாமல் ஒட்டிப் போகும் பந்து 6 அடிக்கு ஓர் அடி உள்ளே சாய்கிறது. ஆகவே நெட்டைத் தாண்டி மேலும் 6 அடி போனதும் களத்துக்குள் நுழைந்துவிடும். எதிர்ப்பக்கம் 22 அடி நீளம் என்பதால் இடம் தாராளம். அவசரப்பட்டு, பந்து கம்பத்துக்கு நேராக வருமுன்பே அடித்தால் இந்தக் கோணம் கிடைக்காது. வெளியே விலகட்டும் என்று பொறுத்தால் கோணம் விரியும்.

எதிராளிக்கு இதனால் இரண்டு பக்கமும் இடிதான். கோட்டை ஒட்டி நேராகத் தட்டினால் எர்னி காத்திருக்கிறது. அதற்கு அஞ்சிக் குறுக்கே அதிகம் சாய்த்தால் கம்பத்தைச் சுற்றிப் பந்து திரும்பி வரும்.